சாஃப்ட்வேர் சந்தாவை ரத்து செய்யக் கடிதம் எழுதியிருக்கிறேன், மீதி மாதப் பணம் கேட்கலாமா?

கோட்டோவியம்
வணக்கம். நான் மாணவி. வரைபட மென்பொருள் ஒன்றுக்கு மாணவர் கட்டணத்தில் ஆண்டுச் சந்தா வைத்திருந்தேன். படிப்பு ஜூலையில் முடிந்துவிட்டது. சந்தா இருப்பதையே மறந்துபோனேன். செப்டம்பர் 10 அன்று அது தானாகவே இன்னொரு ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டு, கார்டிலிருந்து முழுப் பணத்தையும் எடுத்துவிட்டது. இப்போதுதான் கவனித்தேன். இன்று ஜனவரி 15. அனுப்புவதற்கு முன் யாராவது படித்துப் பாருங்களேன்:

> ஐயா / அம்மா, நான் ஒரு மாணவி. உங்கள் மென்பொருளை இரண்டு ஆண்டாகப் பயன்படுத்தி வந்தேன். என் படிப்பு முடிந்துவிட்டதால் இனி அது தேவையில்லை. செப்டம்பருக்குப் பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. ஆகவே என் சந்தாவை ரத்து செய்து, பயன்படுத்தாத 8 மாதப் பணத்தைத் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

போதுமா? இன்னும் கொஞ்சம் உருக்கமாக எழுத வேண்டுமா?

மாடிவீட்டு_மைனா
உருக்கமெல்லாம் வேண்டாம் தங்கச்சி, அதைப் படிக்கிறவர் ஒரு நாளைக்கு இதுமாதிரி நூறு கடிதம் பார்ப்பார். என் கதையைக் கேள். நானும் ஆண்டுச் சந்தாதான், ஆனால் மாதாமாதம் கட்டுகிற வகை. நான்காம் மாதம் நிறுத்தப் போனேன். மீதி எட்டு மாதத் தொகையில் பாதியைக் கட்டினால்தான் விடுவோம் என்றார்கள். திரும்ப வாங்கப் போன இடத்தில் கையிலிருந்ததையும் கொடுத்துவிட்டு வந்தேன். நீயும் ஜாக்கிரதையாக இரு.

ரசீதுக்காரர்
மைனாவின் நிலைமை வேறு. மாதம் மாதம் கட்டுகிற ஆண்டு ஒப்பந்தத்தில், வாங்கியவர்தான் மீதி மாதங்களுக்குக் கடன்பட்டவர். அங்கே பேச வேண்டியது எவ்வளவு தள்ளுபடி செய்வார்கள் என்பது. கோட்டோவியம் முழு ஆண்டுக்கும் முன்பணம் கட்டியிருக்கிறார், பணம் அவர்கள் கையில் இருக்கிறது. இங்கே பேச வேண்டியது எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பது. இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் கடிதம் தலைகீழாக மாறும்.

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் பல ஆண்டுகள் இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்திருக்கிறேன். இந்தக் கடிதத்தின் பெரிய ஓட்டை "ரத்து செய்து" என்கிற இரண்டு சொற்களில் இருக்கிறது. சப்போர்ட் ஆள் அதைப் படித்ததும் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுவார். கணக்கில் `Auto-renew: Off` என்று காட்டும். ஆனால் மென்பொருள் அடுத்த செப்டம்பர் 10 வரை திறந்தே இருக்கும். அப்புறம் பதில் வரும்: "ரத்து செய்துவிட்டோம். செப்டம்பர் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். எனவே பயன்படுத்தாத மாதம் என்று எதுவும் இல்லை." அவர்கள் பக்கத்தில் பார்த்தால் அது சரியான பதில்தான். நீங்கள் திறந்தீர்களா இல்லையா என்பதை வைத்து அவர்கள் கணக்குப் போடுவதில்லை. திறக்கும் உரிமை உங்களிடம் இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அதனால் மூன்று கோரிக்கைகளையும் தனித்தனியாக எழுதுங்கள். புதுப்பிப்பை நிறுத்துங்கள். இந்தத் தேதியோடு என் அணுகலையும் முடித்துவிடுங்கள், நான் அதை விட்டுக்கொடுக்கிறேன். அந்தத் தேதிக்குப் பிறகான பணத்தைத் திருப்புங்கள். நடுவில் உள்ளது இல்லையென்றால் மூன்றாவதுக்குப் பிடிமானமே கிடையாது.

வாதாடி
இவ்வளவு சுற்றுவானேன்? ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம் என்று சட்டம் இருக்கிறது. அதை ஒரு வரியில் எழுதினால் நடுங்கிவிடுவார்கள்.

ரசீதுக்காரர்
சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்து நுகர்வோருக்கானது. இணையத்தில் செய்த ஒப்பந்தத்துக்கு 14 நாள். சேவையை உடனே தொடங்கும்படி நாமே கேட்டிருந்தால், விலகும்போது அதுவரை ஓடிய நாட்களுக்குப் பணம் பிடிப்பார்கள். அது உலகத்துக்கெல்லாம் பொது இல்லை. அதோடு இங்கே பணம் எடுத்து நான்கு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தனக்குப் பொருந்தாத சட்டத்தைக் கடிதத்தில் காட்டினால், எதிரில் இருப்பவர் அந்த ஒரு வரிக்கு மட்டும் மறுப்பு எழுதிவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். அவருக்கு வேலை சுலபம்.

வாதாடி
சரி, 14 நாளை விடுங்கள். வங்கியிடம் சொல்லி சார்ஜ்பேக் போட்டால் தானாகப் பணம் வந்துவிடுமே?

ரசீதுக்காரர்
அதுவும் பாதி சரி. சார்ஜ்பேக்குக்குப் பொதுவாக 120 நாள் என்று ஒரு வரம்பு உண்டு. செப்டம்பர் 10 லிருந்து எண்ணினால் ஜனவரி 8 உடன் அது முடிந்தது. என்ன காரணம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணத் தொடங்கும் நாள் மாறலாம், அதை வங்கிதான் சொல்ல வேண்டும். வரம்பைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சார்ஜ்பேக் வந்ததும் பல நிறுவனங்கள் கணக்கை அப்படியே பூட்டிவிடும். உள்ளே இருக்கிற வேலையும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பார்க்காமல் நேராக வங்கிக்குப் போனால், "முதலில் விற்றவரிடம் கேட்டீர்களா?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. எப்படிப் பார்த்தாலும் கடிதம் முதலில் போக வேண்டும்.

எண்கணித_எலி
எனக்கு அந்த "8 மாதம்" உறுத்துகிறது. செப்டம்பர் 10 தொடக்கம். ஜனவரி 10 அன்று நான்கு மாதம் முடிந்தது. இன்று ஐந்தாம் மாதத்தின் நடுவில் இருக்கிறீர்கள். முழுசாக மீதி இருப்பது பிப்ரவரி 10 முதல் அடுத்த செப்டம்பர் 10 வரை, அதாவது 7 மாதம்தான்.

நாள் கணக்கிலும் போட்டுப் பார்த்தேன். இன்றையும் சேர்த்து 128 நாள் ஓடிவிட்டது. 365 இல் 237 மீதி. கட்டணத்தை 1200 என்று வைத்துக்கொண்டால், மாதக் கணக்கில் 700 வரும், நாள் கணக்கில் 779 சொச்சம் வரும். நீங்கள் கேட்பது 800. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் தப்பான எண் ஒன்று இருந்தால் முழுக் கடிதமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ரசீதுக்காரர்
எலி சொல்வது அத்தனையும் சரி. இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் என்பது தள்ளுபடி விலை. அதே மென்பொருளை மாதச் சந்தாவாக எடுத்தால் மாதம் 160 என்று வைப்போம். "நீங்கள் ஓர் ஆண்டு இருப்பதாகச் சொன்னதால்தான் மலிவாகக் கொடுத்தோம். இடையில் போனால் ஓடிய ஐந்து மாதத்தையும் மாத விலையில் கழிப்போம்" என்று சில நிறுவனங்கள் சொல்லும். ஐந்து முறை 160 என்றால் 800 போய்விட்டது, கையில் 400 தான் வரும். ஒரே சந்தா, ஒரே தேதி, 779 க்கும் 400 க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விடை நிற்கலாம்.

அதனால் "மீதித் தொகையைத் தாருங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்த முறையில், எவ்வளவு என்று நீங்களே முதலில் எழுதுங்கள். நாள் கணக்கு 779 என்று எழுதிவிட்டால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். எண்ணே இல்லாத கடிதத்துக்கு அவர்களே ஓர் எண்ணைச் சொல்வார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒப்பந்தத்தில் மாத விலையில் கழிப்போம் என்று ஏற்கெனவே எழுதியிருந்தால் மட்டும் வாதம் பலவீனமாகும். புதுப்பித்த நாளில் நடைமுறையில் இருந்த விதிமுறைப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள், இன்று இணையத்தில் இருப்பதை அல்ல.

அதோடு இரண்டு கேள்வி. புதுப்பிப்பதற்கு முன் நினைவூட்டல் மெயில் வந்ததா? கடைசியாக எப்போது உள்ளே போனீர்கள்? நினைவிலிருந்து சொல்லாமல் கணக்குப் பக்கத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

கோட்டோவியம்
பார்த்துவிட்டேன். கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

மெயில் எனக்கு வரவில்லை. கணக்கு கல்லூரி மெயிலில் திறந்தது. படிப்பு முடிந்து சில வாரங்களில் அந்த மெயிலை மூடிவிட்டார்கள். நினைவூட்டல் வந்திருந்தால் அங்கேதான் போயிருக்கும்.

செயல்பாட்டுப் பக்கத்தில் அக்டோபர் முழுக்க ஏகப்பட்ட பதிவு இருக்கிறது. ஆனால் நான் திறக்கவே இல்லை! நவம்பர் 3 அன்று மட்டும் ஒரு பழைய கோப்பை வெளியே எடுக்கத் திறந்தேன். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

ரசீதுக்காரர்
அக்டோபர் பதிவுகள் பெரும்பாலும் கணினி இயங்கும்போதே தானாக எழும் பின்னணி நிரலின் வேலையாக இருக்கும். உரிமம் செல்லுமா என்று அவ்வப்போது சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சப்போர்ட் ஆளின் திரையில் அதுவும் "செயல்பாடு" என்றே தெரியும். "திறக்கவே இல்லை" என்று நீங்கள் எழுதியிருந்தால் அந்தப் பதிவுகளை உங்கள் முன் வைத்துப் பொய் என்று சொல்லியிருப்பார்கள். நவம்பர் 3 ஐ நீங்களே எழுதிவிடுங்கள். ஒரு முறை, கோப்பை வெளியே எடுக்க. நாமே சொன்ன உண்மையை அவர்கள் ஆதாரமாகத் தூக்கிக் காட்ட முடியாது.

எண்கணித_எலி
அந்த ஒரு நாளால் வேறொரு வாய்ப்பு போய்விட்டதோ? இல்லையென்றால் மீதி மாதத்துக்குப் பதிலாகப் புதுப்பிப்பையே செல்லாததாக்கி 1200 ஐயும் கேட்டிருக்கலாமே.

ரசீதுக்காரர்
அதைப் பற்றி எனக்கே இரண்டு மனது. புதுப்பித்த பிறகு ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை, நினைவூட்டலும் கைக்கு வரவில்லை என்றால், பல இடங்களில் மேலாளர் முழுத் தொகையையும் திருப்ப ஒப்புவார். ஆனால் அது ஒரு சலுகை. அவர்களுக்குக் கட்டாயம் கிடையாது, நான்கு மாதத் தாமதம் வேறு. நானாக இருந்தால் முதலில் முழுத் தொகையைக் கேட்டு, இல்லையென்றால் நாள் கணக்கில் கொடுங்கள் என்று எழுதுவேன். கூட வேலை பார்த்த ஒருவர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார், இரண்டு எண்ணைக் கொடுத்தால் சின்னதைத்தான் எடுப்பார்கள் என்று. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மாடிவீட்டு_மைனா
யாருமே சொல்லாத ஒன்று. "படிப்பு முடிந்துவிட்டது" என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். ஜூலையில் முடித்துவிட்டுச் செப்டம்பரில் மாணவர் கட்டணத்தில் புதுப்பித்ததாக ஆகிறது. உனக்கு அந்தத் தகுதியே இல்லை, சாதாரண விலையின் வித்தியாசத்தைக் கட்டு என்று திருப்பிக் கேட்டால்?

ரசீதுக்காரர்
மைனா, கூர்மையாகப் பிடித்தீர்கள். அப்படிக் கேட்பதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். பின்தேதியிட்டு வசூலிப்பதைவிட அடுத்த ஆண்டு தகுதியைச் சரிபார்ப்பதுதான் வழக்கம். ஆனால் அதைச் சொல்லி ரீஃபண்டை மறுப்பார்கள். அதற்காக மறைக்கவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம். அதையே வாதமாகத் திருப்பிக்கொள்ளலாம்: ஜூலையோடு என் தகுதி முடிந்தது, தகுதி இல்லாத ஒருவருக்கு மாணவர் திட்டம் சரிபார்க்காமல் தானாகப் புதுப்பிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை தகுதியைச் சரிபார்ப்போம் என்று அவர்கள் விதிமுறையிலேயே இருந்தால் இது வலுவான வரி. இல்லையென்றால் ஒரே வாக்கியத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாதாடி
இவ்வளவு ஜாக்கிரதையாகக் கடிதம் எழுதினால் பயந்தவர் என்றுதான் நினைப்பார்கள். நான் என்றால் சமூக ஊடகத்தில் பெயரைப் போட்டு நாறடித்திருப்பேன்.

எண்கணித_எலி
நாறடித்த பிறகும் அந்த டிக்கெட்டில் எண்ணும் தேதியும் கேட்பார்கள் ஐயா.

ரசீதுக்காரர்
அனுப்புவதற்கு முன் இன்னும் இரண்டு வேலை பாக்கி. உங்கள் கோப்புகளை எல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள். அணுகலை முடிக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள், நீங்கள் கேட்டபடியே அவர்கள் அன்று மாலைக்குள் முடித்துவிடலாம். மென்பொருளின் சொந்த வடிவத்தில் ஒரு பிரதி, பிற மென்பொருளும் திறக்கும் வடிவத்தில் ஒரு பிரதி. எடுத்ததை மூடித் திறந்து பாருங்கள்.

அடுத்தது, பணம் வாங்கியது யார் என்று ரசீதில் பாருங்கள். ஆப் ஸ்டோர் வழியாகவோ மறுவிற்பனையாளர் வழியாகவோ வாங்கியிருந்தால் பணம் அவர்களிடம்தான் இருக்கும். மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினால் "எங்களிடம் அந்தப் பரிவர்த்தனையே இல்லை" என்று பதில் வரும், ஒரு வாரம் வீணாகும்.

கோட்டோவியம்
ரசீதைப் பார்த்தேன், நிறுவனத்திடமே நேராகக் கட்டியது. கோப்புகளையும் எடுத்துவிட்டேன், 61 கோப்பு. இரண்டு திறக்க மறுத்தன, மீண்டும் எடுத்தேன்.

இன்னொரு கேள்வி. கல்லூரி மெயில் செத்துவிட்டதே, வேறு மெயிலிலிருந்து எழுதினால் நம்புவார்களா?

ரசீதுக்காரர்
கணக்குக்கு உரியவர் நீங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இன்வாய்ஸ் எண், பணம் எடுத்த தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம், பழைய மெயில் முகவரி. இது போதும். முழுக் கார்டு எண்ணை எந்தக் காரணத்துக்கும் எழுதாதீர்கள், கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடவுச்சொல் இன்னும் வேலை செய்தால் உள்ளே போய்த் தொடர்பு மெயிலை மாற்றிவிட்டு, அங்கிருந்தே டிக்கெட் திறப்பது இன்னும் நல்லது. ரீஃபண்ட் வழக்கமாகப் பணம் கட்டிய அதே கார்டுக்குத்தான் போகும். அது காலாவதியாகியிருந்தால் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கோட்டோவியம்
கார்டு செல்லுபடிதான். உள்ளே போய் மெயிலை மாற்றிவிட்டேன், புதுப்பிப்பையும் நானே அணைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். முழுத் தொகையைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, நவம்பரில் திறந்தேன்தானே. இதைத்தான் அனுப்பினேன்:

> பொருள்: ஆண்டுச் சந்தாவை ஜனவரி 15 உடன் முடித்தல், மீதி நாட்களுக்கான தொகை
>
> இன்வாய்ஸ் எண் ____. செப்டம்பர் 10 அன்று ____ இல் முடியும் கார்டிலிருந்து 1200 எடுக்கப்பட்டது. முந்தைய மெயில் முகவரி ____.
>
> 1. தானியங்கிப் புதுப்பிப்பை இன்று நானே அணைத்துவிட்டேன். அணைந்ததை உறுதிசெய்யுங்கள்.
> 2. ஜனவரி 15 முடிவோடு இந்தச் சந்தாவுக்கான என் அணுகலை முடித்துவிடுங்கள். மீதிக் காலத்துக்கான பயன்பாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன். என் கோப்புகளை எடுத்துவிட்டேன்.
> 3. 365 நாளில் 128 நாள் கழிந்தது, 237 நாள் மீதி. 1200 × 237 / 365 = 779.18. இதை அதே கார்டுக்குத் திருப்பும்படி கேட்கிறேன்.
>
> என் படிப்பு ஜூலையில் முடிந்தது, மாணவர் தகுதியும் அப்போதே முடிந்தது. புதுப்பிப்பு நினைவூட்டல் வந்திருந்தால் மூடப்பட்ட கல்லூரி மெயிலுக்குப் போயிருக்கும், நான் பார்க்கவில்லை. புதுப்பித்த பிறகு ஒரே ஒருமுறை, நவம்பர் 3 அன்று, ஒரு கோப்பை வெளியே எடுக்கத் திறந்தேன். மற்ற பதிவுகள் கணினி தொடங்கும்போது தானாக எழுந்தவை என்று கருதுகிறேன்.
>
> வேறு முறையில் கணக்கிடுவதாக இருந்தால், அது விதிமுறையில் எந்தப் பிரிவில் உள்ளது என்று குறிப்பிடுங்கள்.

ரசீதுக்காரர்
அந்தக் கடைசி வரி யாருடைய யோசனை? பிரமாதம். மறுப்பவரை விதிமுறையைத் திறந்து பார்க்க வைக்கும்.

கோட்டோவியம்
எலியார் தனிமடலில் சொன்னது. :)

கோட்டோவியம்
(ஒன்பது நாள் கழித்து) பதில் வந்தது. முதல் பதில் எல்லோருக்கும் அனுப்பும் ஒரே மாதிரிக் கடிதம், "செப்டம்பர் வரை பயன்படுத்தலாம்" என்று, ரசீதுக்காரர் சொன்ன அதே வாக்கியம். இரண்டாம் கோரிக்கையைச் சுட்டிக்காட்டி மீண்டும் அனுப்பினேன். இரண்டு நாளில் வேறொருவர் எழுதினார். ஓடத் தொடங்கிய மாதத்தை முழு மாதமாகத்தான் எடுப்போம், 7 மாதத்துக்கு 700 தருகிறோம் என்றார். எந்தப் பிரிவு என்று கேட்டதற்கு "எங்கள் நடைமுறை" என்றார்.

வாதாடி
விடாதீர்கள்! பிரிவு எண் சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். மீதி 79 ஐயும் வாங்குங்கள்.

ரசீதுக்காரர்
வாதாடி இந்த முறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரிவு இல்லாத நடைமுறையை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மேலே கொண்டுபோனால் இன்னும் மூன்று வாரம் ஆகலாம். அதே விதிமுறையைப் புரட்டும் ஒருவர் மாத விலைக் கணக்கைக் கண்டுபிடித்து 400 க்கு இறக்கவும் கூடும். உங்கள் விருப்பம். எதுவானாலும் "700 திருப்பப்படும், இதற்கு மேல் எந்தக் கட்டணமும் எடுக்கப்படாது" என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோட்டோவியம்
எழுத்தில் வாங்கிக்கொண்டு 700 க்குச் சரி என்றேன். ஆறு வேலை நாளில் கார்டுக்கு வந்துவிட்டது. கணக்கில் இப்போது எந்தத் திட்டமும் காட்டவில்லை. அந்த 79 மனதில் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

எண்கணித_எலி
79.18.

புதியவன்_07
எனக்கும் இதே பிரச்சினை. சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன், இனிப் பணம் எடுக்க மாட்டார்கள்தானே?

மாடிவீட்டு_மைனா
எடுப்பார்கள் தம்பி. இழையை மேலேயிருந்து படி.